பேரக்குழந்தையின் தடுப்பூசி நாள்: செய்தியைத் தமிழில் சொல்லும் முறை

தில்லி, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் குழந்தை பிறந்ததும், ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்து சேருவது வழக்கம். பெற்றோர் இருவரும் அலுவலகம் செல்லும் வீடுகளில், குழந்தையைத் தடுப்பூசிக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பும் பல வேளைகளில் அவர்களையே சேருகிறது. ஆனால் தடுப்பூசி பற்றிய குறுஞ்செய்தியோ மகனுடைய கைப்பேசிக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ வருகிறது. அதைத் தமிழில் எழுதி வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் புறப்படும் மகனும் மருமகளும் அந்த நிமிடத்தில் மொழிபெயர்ப்பாளர்களாகி விடுகிறார்கள். மத்திய அரசின் அலுவலகத்தில் இதே தொழிலைச் செய்து வரும் நாம், இந்தச் சிறு மொழிபெயர்ப்பில் எந்தெந்த இடங்களில் பொருள் நழுவுகிறது என்பதை இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

முதலில் செய்தி எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒன்றரை மாதக் குழந்தைக்கு வரும் செய்தி ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்: குழந்தையின் பெயர், பிறகு பென்டா-1, பி.சி.வி.-1, எஃப்.ஐ.பி.வி.-1, ஓ.பி.வி.-1, ஆர்.வி.வி.-1 என்று ஐந்து பெயர்கள். அவை இன்ன தேதிக்கு ‘ட்யூ’ என்ற குறிப்பு. அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அட்டையுடன் வருக என்ற அழைப்பு. இவ்வளவுதான். செய்தி சிறியதாக இருப்பதால் மொழிபெயர்ப்பும் எளிது என்று எண்ணி விடுகிறோம். உண்மையில், சுருக்கமான செய்தியே மிகவும் கடினமானது; எழுதியவர் மனத்தில் விட்டுவிட்டதை எல்லாம் படிப்பவர் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘ட்யூ’ என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். அகராதியைப் புரட்டினால் ‘நிலுவை’, ‘பாக்கி’, ‘செலுத்த வேண்டியது’ என்ற பொருள்கள் முன்னே வந்து நிற்கும். ‘குழந்தைக்கு ஐந்து தடுப்பூசிகள் நிலுவையில் உள்ளன’ என்று எழுதி வைத்தால், படிக்கும் பாட்டிக்கு இரண்டு ஐயங்கள் எழும். ஒன்று, ஏதோ பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்பது. அரசு நிலையங்களிலோ இவற்றுக்குக் கட்டணமே இல்லை. மற்றொன்று, போட வேண்டிய நாளில் போடாமல் விட்டுவிட்டார்கள் என்பது. உண்மையில் நாள் இப்போதுதான் வந்திருக்கிறது. ஆகவே ‘தடுப்பூசி போட வேண்டிய நாள் இது’ என்று எழுதுவதே சரி. ‘ஐந்து தடுப்பூசிகள்’ என்பதும் பிழைக்கு இடம் தரும். அதைப் பின்னால் காண்போம்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருவோம். தடுப்பூசிச் செய்தியில் மிகுதியாகத் தவறிப் போவது நோயின் பெயரோ மருந்தின் பெயரோ அன்று, காலக் கணக்கே. ஏனெனில் நம் முன்னோர் வயதையும் நாளையும் எண்ணும் முறை வேறு. மருத்துவ அட்டவணை எண்ணும் முறை வேறு. சொற்கள் ஒன்றாயிருந்தும் எண்ணிக்கை வேறாகி விடுகிறது.

தட்டம்மைக்கான முதல் தடுப்பூசியை ‘ஒன்பது மாதத்தில்’ போட வேண்டும் என்று அட்டவணை கூறுகிறது. இதைப் பலர் ‘ஒன்பதாம் மாதம்’ என்று எழுதி விடுகிறார்கள். தமிழில் ‘ஒன்பதாம் மாதம்’ என்றால் என்ன பொருள்? எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருக்கிறது என்பதே பொருள். கர்ப்பிணிக்கு ‘ஒன்பதாம் மாதம்’ என்று சொல்லும்போதும் நாம் நடக்கின்ற மாதத்தையே குறிக்கிறோம். அட்டவணையோ ஒன்பது மாதம் நிறைந்த குழந்தையைக் குறிக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு முழு மாதம் வேறுபாடு.

அந்த ஒரு மாதம் வீணான சட்டம் அன்று. குழந்தை பிறக்கும்போது தாயின் உடலிலிருந்து நோயெதிர்ப்புப் பொருள்கள் அதற்கு வந்து சேருகின்றன. அவை சில மாதங்கள் வரை தட்டம்மையிலிருந்து குழந்தையைக் காக்கின்றன. ஆனால் அதே காரணத்தால், உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பு மருந்தையும் வேலை செய்ய விடாமல் தடுத்துவிடக் கூடும். அவை பெரும்பாலும் தேய்ந்துபோன பிறகு ஊசி போட்டால்தான் குழந்தையின் உடல் தன் சொந்த எதிர்ப்பாற்றலை நன்கு வளர்த்துக்கொள்ளும். ஆகவே ‘ஒன்பதாம் மாதம்’ என்று நம்பி எடுத்துச் சென்றால், நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், மொழி தெரியாத இடத்தில் காத்திருந்து, ‘இன்று இல்லை’ என்று கேட்டுத் திரும்பும் முதியவர்கள், மறுமாதம் அதே ஆர்வத்தோடு கிளம்புவார்களா என்பது ஐயமே. பிழை அங்கே தொடங்கி, ஊசி தவறுவதில் முடிகிறது.

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. ‘நடக்கிறது’, ‘நிறைந்தது’ என்ற இரண்டு சொற்களும் நம் பெரியவர்களுக்கு நன்கு பழக்கமானவை. ‘ஐந்து வயது நடக்கிறது’ என்பதற்கும் ‘ஐந்து வயது நிறைந்துவிட்டது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே ‘ஒன்பது மாதம் நிறைந்த பிறகு’ என்று எழுதினால் போதும். அகராதி தராத துல்லியத்தை வீட்டுப் பேச்சு தந்துவிடுகிறது.

அடுத்தது நாள் எண்ணிக்கை. பென்டா என்னும் ஊசி மூன்று தவணைகளாகப் போடப்படுகிறது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்கள் நிறையும்போது என்பது அட்டவணை. இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம், அதாவது இருபத்தெட்டு நாள் கழிய வேண்டும். இதை ‘இருபத்தெட்டாம் நாள் வரவும்’ என்று எழுதினால் பிழை. நம் வழக்கில் பத்தாம் நாள், பதினாறாம் நாள் என்று எண்ணும்போது, தொடங்கிய நாளையே முதல் நாளாகக் கொள்கிறோம். அப்படி எண்ணினால் இருபத்தேழு நாளே கழிந்திருக்கும். ஒரு நாள் முன்னதாகவே போய் நிற்க நேரும். மறுபுறம், ‘ஒரு மாதம் கழித்து’ என்று எழுதினால் நாள் பிந்திவிடும். எவ்வளவு பிந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு குழந்தை 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி, திங்கட்கிழமை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அவ்வட்டாரச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி புதன்கிழமைகளில் போடப்படுகிறது என்றும் கொள்வோம். பல இடங்களில் இவ்வாறு குறிப்பிட்ட கிழமை உண்டு. ஆறு வாரம் நிறைவது மார்ச் 24, திங்கள். செல்ல வேண்டியது மார்ச் 26, புதன். அன்றிலிருந்து நான்கு வாரம் கழிந்தால் ஏப்ரல் 23; அதுவும் புதனே. மேலும் நான்கு வாரம் கழிந்தால் மே 21; அதுவும் புதனே. வாரக் கணக்கின் நன்மை இதுதான்: கிழமை மாறுவதே இல்லை. ‘நான்காவது புதன்’ என்று சொல்லிவிட்டால், நாட்காட்டியில் அடுத்த புதனை ஒன்று என வைத்து நான்கு வரை எண்ணினால் போதும்.

இதையே ‘ஒரு மாதம் கழித்து’ என்று எழுதியிருந்தால், மார்ச் 26-க்குப் பிறகு ஏப்ரல் 26 வரும், அது சனிக்கிழமை. அடுத்த புதன் ஏப்ரல் 30. அதிலிருந்து ஒரு மாதம் கழித்து மே 30, வெள்ளி. அடுத்த புதன் ஜூன் 4. இவ்வாறு ஒரே ஒரு சொல் மாறியதால், மே 21-இல் முடிய வேண்டிய மூன்றாம் தவணை இரண்டு வாரம் தள்ளிப்போகிறது. இதனால் முன் போட்ட ஊசி பயனற்றுப் போவதில்லை. ஆனால் கக்குவான் இருமல் போன்ற நோய்கள் மிகச் சிறு குழந்தைகளையே கடுமையாகத் தாக்குகின்றன. அந்த வயதில் குழந்தை அரைகுறைப் பாதுகாப்போடு இருக்கும் நாட்கள் கூடுகின்றன.

வடமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்குள்ள செவிலியர் ஆறு வாரத்தை இந்தியில் ‘டேட் மஹீனா’ என்றும், பத்து வாரத்தை ‘டாயி மஹீனா’ என்றும், பதினான்கு வாரத்தை ‘சாடே தீன் மஹீனா’ என்றும் கூறுவார்கள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்பன அவற்றின் பொருள். ‘டேட்’ என்பதைத் தேதி என்ற ஆங்கிலச் சொல்லாகக் கேட்டுக்கொண்டு, ‘ஏதோ தேதி சொன்னார்கள், என்ன தேதி என்று புரியவில்லை’ என்று வந்து சொல்லும் பெரியவர்கள் உண்டு. சரியாகப் புரிந்துகொண்டாலும், இந்த அரைமாதக் கணக்கு தோராயமானதே. மேலே கண்ட குழந்தைக்கு மூன்றரை மாதம் நிறைவது மே 25-ஐ ஒட்டி. பதினான்கு வாரம் நிறைவதோ மே 19. ஆகவே வாயால் சொல்லும் மாதக் கணக்கை நம்பாமல், செவிலியர் அட்டையில் எழுதிக் கொடுக்கும் அடுத்த வருகைத் தேதியையே பின்பற்ற வேண்டும். முதியவர்களுக்கு நாம் எழுதும் குறிப்பில், ‘அடுத்த தேதியை அட்டையில் எழுதித் தரும்படி கேளுங்கள்’ என்று ஒரு வரி இருத்தல் நலம்.

காலக் கணக்குக்கு அடுத்தபடியாகப் பெயர்களைக் காண்போம். ‘பென்டா’ என்பது ஐந்து என்று பொருள்படும் சொல். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, கல்லீரலைத் தாக்கும் ஒரு வகை மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஒரு கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. இதை ‘ஐந்து தடுப்பூசி’ என்று எழுதினால், பச்சைக் குழந்தைக்கு ஐந்து முறை குத்துவார்கள் என்று பாட்டி அஞ்சுவது இயல்பே. ‘ஐந்து நோய்களுக்கு ஓர் ஊசி’ என்று எழுதுக.

அதுபோலவே, செய்தியில் உள்ள ஐந்து பெயர்களும் ஐந்து ஊசிகள் அல்ல. ஆறாவது வாரத்தில் குத்தும் ஊசிகள் மூன்று: இடத் தொடையில் பென்டா, வலத் தொடையில் நிமோனியாத் தடுப்பூசியான பி.சி.வி., வலக் கையின் மேற்புறத்தில் தோலுக்குள் மட்டும் போடும் சிறிய போலியோ ஊசி. மற்ற இரண்டும் வாய்வழி மருந்துகள்: போலியோ சொட்டும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா மருந்தும். பத்தாவது வாரத்தில் ஊசி ஒன்றே, பென்டா மட்டும். வாய்வழி மருந்து இரண்டும் உண்டு. பதினான்காவது வாரத்தில் மீண்டும் மூன்று ஊசிகள். இந்தக் கணக்கைச் சொல்லி வைத்தால், முதல் முறை மூன்று குத்தியதைக் கண்டு தாத்தா சினம் கொள்ள மாட்டார். இரண்டாம் முறை ஒன்றே குத்தியதைக் கண்டு, மொழி தெரியாதவர் என்று ஏமாற்றி விட்டார்களோ என்றும் ஐயுற மாட்டார்.

பெயர்களில் மிகவும் கவனம் வேண்டியது ‘அம்மை’. தமிழில் இது ஒரு பெரிய குடும்பப் பெயர்; பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாம் அதனுள் அடங்கும். ஒன்பது மாத ஊசியை வெறுமனே ‘அம்மை ஊசி’ என்று எழுதினால், முதியவர் நினைவு தம் கையிலுள்ள அம்மை குத்திய தழும்புக்குப் போய்விடும். அது பெரியம்மைக்காகக் குத்தியது. பெரியம்மை இந்தியாவில் 1975-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. ‘ஒழிந்துபோன நோய்க்கு இன்னும் எதற்கு ஊசி?’ என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. தவறு நம் சொல்லில் இருக்கிறது. சின்னம்மை என்று நினைத்துக்கொண்டாலும் பிழையே. இந்த ஊசி அதற்கும் உரியதன்று. ஆகவே ‘தட்டம்மை, அதாவது மணல்வாரி, அதனுடன் ரூபெல்லா என்னும் நோய்க்கும் சேர்த்து’ என்று எழுத வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கத்தில் அந்நோய்க்கு வேறு பெயர் வழங்கினால் அப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்த ஊசிக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து இலேசான காய்ச்சலும் தடிப்பும் தோன்றி, தாமே மறையும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், ‘அம்மன் வந்திருக்கிறாள்’ என்று வேப்பிலை தேடத் தொடங்கிவிடுவார்கள்.

ஊசி போட்ட பின்னர்ச் செய்ய வேண்டியவை பற்றிய பகுதியில் இரண்டு இடங்கள் வழுக்கும். முதலாவது, காய்ச்சல். ‘காய்ச்சல் வரும்’ என்று உறுதியாக எழுதினால், காய்ச்சல் வராத குழந்தையைப் பார்த்து ‘மருந்து பிடிக்கவில்லை’ என்று பாட்டி முடிவு செய்வார். ‘சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், சில குழந்தைகளுக்கு வராது, இரண்டும் இயல்பே’ என்று பிரித்து எழுதினால் ஐயம் எழாது. குத்திய இடத்தில் மஞ்சள், எண்ணெய், தைலம் எதுவும் தடவலாகாது. தேய்த்துவிடவும், சூடான ஒத்தடம் கொடுக்கவும் கூடாது என்பதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். ‘மருந்து எதுவும் தடவ வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மஞ்சளை எந்தப் பாட்டியும் மருந்து என்று எண்ணுவதில்லை.

இரண்டாவது, அபாயக் குறி. வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைச் சிலர் ‘இழுப்பு வந்தால்’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் சில பகுதிகளில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு. சில பகுதிகளில் வலிப்பு. உயிர் காக்கும் குறிப்பில் இரு பொருள் இருத்தல் ஆகாது. ‘கைகால் வெட்டி இழுத்தால்’ என்று கண்ணால் காண்பதை எழுதுவதே தக்கது.

தவணை தவறியவர்களுக்கு வரும் செய்தியிலும் ஒரு கண்ணி உண்டு. ‘மீண்டும் தொடங்க வேண்டியதில்லை’ என்று அது கூறும். இதை அப்படியே தமிழில் எழுதினால், ‘இனிப் போட வேண்டியதில்லை’ என்று கொள்ளவும் இடமுண்டு. ‘விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்; முதலிலிருந்து தொடங்க வேண்டாம்’ என்று, செய்ய வேண்டியதை முன்னும் வேண்டாததைப் பின்னும் வைத்தால் பொருள் மயங்காது.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, மேற்கண்ட குழந்தைக்கு மகன் தன் பெற்றோருக்கு எழுதி வைக்கத்தக்க குறிப்பு ஒன்றை அமைத்துக் காட்டுகிறோம்.

‘அப்பா, அம்மா அவர்களுக்கு. குழந்தைக்கு ஆறு வாரம் நிறைந்துவிட்டது. தடுப்பூசி போட வேண்டிய நாள் மார்ச் 26, புதன்கிழமை காலை. பணம் கட்ட வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டையையும் என் கைப்பேசி எண் எழுதிய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மூன்று ஊசி போடுவார்கள்: இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, வலக் கையில் ஒன்று. வாயில் இரண்டு மருந்து கொடுப்பார்கள். இலேசான சளி இருந்தாலும் எடுத்துச் செல்லலாம். அங்கே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து புறப்படுங்கள். அடுத்த தேதியை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது ஏப்ரல் 23, புதன்கிழமையாக இருக்கும். சித்திரை 10. வீட்டுக்கு வந்ததும் தாய்ப்பால் வழக்கம்போல் கொடுக்கலாம். குத்திய இடத்தில் மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். காய்ச்சல் வந்தால் செவிலியர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். கைகால் வெட்டி இழுத்தாலோ, மூச்சு விடத் திணறினாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, நிறுத்தாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுதாலோ, எங்களுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.’

மூலச் செய்தியைவிட இது பலமடங்கு நீளமானது. அலுவலக மொழிபெயர்ப்பில் இவ்வாறு நீட்டினால் மேலதிகாரி ஒப்பமாட்டார். மூலத்தில் உள்ளதற்குக் கூடுதலாகச் சேர்ப்பது அங்கே குற்றம். வீட்டு மொழிபெயர்ப்புக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே மூலம் என்பது கைப்பேசியில் வந்த இரண்டு வரிகள் அன்று. சுகாதார நிலையத்தில் அன்று காலை நடக்கப்போகும் நிகழ்ச்சியே மூலம்.

குறிப்பை எழுதிய பின் அதைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. ‘புரிந்ததா?’ என்று கேட்கக் கூடாது. மகன் மனம் நோகாதிருக்கப் பெரியவர்கள் ‘புரிந்தது’ என்றே சொல்வார்கள். அதற்கு மாறாக, ‘அம்மா, ஏப்ரலில் என்றைக்குப் போகிறீர்கள், எத்தனை ஊசி?’ என்று கேளுங்கள். ‘இருபத்து மூன்றாம் தேதி, புதன்கிழமை, ஒரே ஊசி’ என்று பதில் வந்தால் மொழிபெயர்ப்பு நிறைவேறியது. ‘ஒரு மாதம் ஆனதும் போகிறோம்’ என்று வந்தால், நாட்காட்டியில் அந்தப் புதனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதைக் காட்டி மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். நவம்பர் 10-ஆம் தேதி ஒன்பது மாதம் நிறையும். தட்டம்மை ஊசிக்குரிய புதன் நவம்பர் 12. அதையும் இப்போதே வட்டமிட்டு, பக்கத்தில் ‘ஒன்பது நிறைந்தது’ என்று எழுதி வைத்துவிடலாம்.